நீளம் சமமில்லாத இலக்கச் சரங்களின் கூட்டலில் கடைசி மீதி

குறியுடைய 64 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 9,223,372,036,854,775,807. அதனோடு 1 கூட்டினால் விடைக்கு அங்கே இடமில்லை. அதனால்தான் இதைவிடப் பெரிய எண்களை இலக்கங்களின் சரமாக வைத்துக்கொண்டு, பள்ளியில் செய்ததுபோல் வலக்கோடியிலிருந்து ஒவ்வோர் இடமாகக் கூட்டுகிறோம். முறை எளிது. ஆனால் ஒரு எண் நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருக்கும்போது, கடைசியில் மிஞ்சும் மீதியை எழுதாமல் விடும் பிழை நிரலில் எளிதாக நுழைந்துவிடுகிறது. தற்போக்காக எடுத்த எண்களை எத்தனை முறை கொடுத்துச் சோதித்தாலும் இந்தப் பிழை அநேகமாக அகப்படாது என்பதும், நிரலின் வடிவத்திலேயே அதற்கு இடம் வைக்கக்கூடாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

99987 உடன் 45-ஐக் கூட்டிப் பார்ப்போம். 7-உம் 5-உம் 12. 2 எழுதி மீதி 1. 8, 4, மீதி 1 சேர்ந்து 13. 3 எழுதி மீதி 1. இங்கே 45 தீர்ந்துவிட்டது. மீதி தீரவில்லை. அடுத்த 9 அதோடு சேர்ந்து 10 ஆகிறது. 0 எழுதி மீதி 1. மற்ற இரண்டு 9-களுக்கும் இதே கதிதான். ஐந்து இடமும் முடிந்த பிறகும் கையில் 1 நிற்கிறது. அதை எழுதினால் விடை 100032, மறந்தால் 00032. இரண்டு இலக்கமும் மீதியும் சேர்ந்து 9+9+1=19-ஐத் தாண்டாது என்பதால், மீதி எந்த இடத்திலும் 0 அல்லது 1 மட்டுமே.

பலரும் இந்த நிரலை மூன்று மடக்குகளாக எழுதுகிறார்கள்: இரண்டு எண்ணுக்கும் பொதுவான இடங்களுக்கு ஒன்று, முதல் எண்ணின் எச்சத்துக்கு ஒன்று, இரண்டாம் எண்ணின் எச்சத்துக்கு ஒன்று. எச்சத்தை மீதி சேர்க்காமல் அப்படியே நகலெடுத்தால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். ஏனெனில் பொதுப்பகுதியிலிருந்து பாதிக்கு மேற்பட்ட தடவை மீதி வெளியே வருகிறது. எச்சம் முடிந்தபின் மீதியைப் பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து.

அது ஏன் அகப்படாது என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். நீள எண்ணில் 6 இலக்கம் கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். மீதி அந்த ஆறையும் கடந்து வெளியேற வேண்டுமானால் ஆறும் 9 ஆக இருக்க வேண்டும். முதல் இலக்கம் 0 ஆகாது என்பதால் அதற்கான வாய்ப்பு 9 லட்சத்தில் ஒன்று. பொதுப்பகுதியிலிருந்து மீதி வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 0.55. இரண்டையும் பெருக்கினால், சுமார் 16 லட்சம் சோதனைக்கு ஒன்றில்தான் பிழை தலைகாட்டும். இதே பிழையைச் சம நீளமுள்ள எண்களில் செய்திருந்தால் நூற்றில் சுமார் 60 முறை விடை தவறியிருக்கும். நீளச் சமமின்மைதான் பிழையை மறைக்கிறது.

மீதி வழக்கமாக நெடுந்தூரம் ஓடாது என்பது கணினித் துறையில் பழைய செய்தி. பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நாய்மன் மூவரும் 1946-இல் தந்த அறிக்கை இதை இருமக் கூட்டலில் ஆராய்ந்தது. அதில் வரும் வரம்பின்படி, 40 பிட் எண்களில் மிக நீண்ட மீதித் தொடர் சராசரியாக 6 இடத்தை எட்டாது. சுற்று வடிவமைப்பவருக்கு இது நல்ல செய்தி. நிரலைச் சோதிப்பவருக்கு இதுவே கண்கட்டு.

ஆகவே மூன்று மடக்கையும் ஒன்றாக்குவதே என் பரிந்துரை. மீதியையும் இரண்டு எண்களுக்கு இணையான மூன்றாவது உறுப்பாகக் கருத வேண்டும்:

```cpp
int i = (int)a.size() - 1, j = (int)b.size() - 1, c = 0;
string r;
while (i >= 0 || j >= 0 || c) {
    int s = c;
    if (i >= 0) s += a[i--] - '0';
    if (j >= 0) s += b[j--] - '0';
    r += char('0' + s % 10);
    c = s / 10;
}
reverse(r.begin(), r.end());
```

இலக்கம் தீர்ந்த எண் தானாகவே 0 ஆகிவிடுகிறது. குட்டை எண்ணின் முன்னால் சுழியங்களை நிரப்பத் தேவையில்லை. `'0'`-ஐக் கழிப்பது எழுத்தை எண்ணாக்க: `'7'` என்ற எழுத்தின் குறிமதிப்பு 55, `'0'`-க்கு 48. விடையைப் பின்னால் சேர்த்துக் கடைசியில் ஒரே முறை திருப்புவதற்கும் காரணம் உண்டு. ஒவ்வோர் இலக்கத்தையும் சரத்தின் முன்னால் செருகினால், ஒரு லட்சம் இலக்க விடைக்குச் சுமார் 500 கோடி எழுத்துகளை நகர்த்த நேரும்.

ஒருவர் மூன்று மடக்கு வடிவத்தையே வைத்துக்கொள்ள விரும்பினால், தற்போக்கு எண்களை நம்பாமல் 999999 + 1 என்பதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அது போதாது, 1 + 999999 என்றும் கொடுக்க வேண்டும். இரண்டாம் எச்ச மடக்கு பெரும்பாலும் முதலாவதை நகலெடுத்து எழுதியது. ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் அப்படியே கிடக்கும்.