வேகம் 2 மடங்கு... கார் நிற்கும் தூரம் மட்டும் ஏன் கிட்டத்தட்ட 3 மடங்கு?

நெய்வேலி ஆர்ச் கேட் அருகே, விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுறீங்க. 20 மீட்டர் முன்னால் திடீர்னு ஒரு மாடு குறுக்கே வருது.

மாட்டைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக சுமார் 1 விநாடி ஆகும். 40 கி.மீ. வேகத்தில் அதற்குள் கார் 11 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்தபின், காய்ந்த சாலையில் சுமார் 9 மீட்டர். மொத்தம் 20. மயிரிழையில் தப்பலாம்.

80 கி.மீ. வேகத்தில்? அந்த 1 விநாடியிலேயே 22 மீட்டர் போயிடும். பிரேக்கை மிதிக்கும் முன்பே மோதல்தான்! முழுசா நிற்க மேலும் 35 மீட்டர் வேணும். மொத்தம் 57.

காரணம், வேகம் இரட்டித்தால் அந்த 1 விநாடியில் ஓடும் தூரம் 2 மடங்குதான். ஆனால் பிரேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் 4 மடங்கு. அதனால் பிரேக் தூரமும் 4 மடங்கு. மழையில் டயரின் பிடிமானம் குறைவதால், இது இன்னும் நீளும்.