இடது பக்கம் பழைய விளக்கு

ஒரே சுக்குமல்லி காபித்தூள் பாக்கெட். இடது பக்கம் உள்ளதில் பழைய லோகோ, வலது பக்கம் உள்ளதில் புதியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஒரு சின்ன கம்பெனிக்காக நான் செய்த படம் இது. பெயர் வேண்டாம். அந்தப் படம் பிறந்த விதம்தான் எனக்கு முக்கியம், ஏனென்றால் முதலில் செய்ததை நானே தூக்கிப் போட வேண்டியிருந்தது.

முதல் படத்தில் பழைய பாக்கெட்டைப் பூந்தமல்லியில் ஒரு மளிகைக் கடையில், டியூப் லைட் வெளிச்சத்தில், போனில் எடுத்திருந்தேன். புதியதைக் கணினியில் வழவழவென்று வரைந்து பக்கத்தில் வைத்தேன். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. அவருடைய அம்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “தம்பி, இது கசங்கியிருக்கு, அது கசங்கல. லோகோ எங்க மாறியிருக்குனு எனக்குத் தெரியலியே” என்றார்.

அவர் சொன்னது சரி. வெளிச்சமும் சுருக்கமும் மாறினால் புதியது எப்படியும் ஜெயித்துவிடும். அதனால் அடுத்த நாள் பேக்கிங் மெஷினில் அச்சில்லாத வெள்ளை பிலிமைக் கொடுத்து, உள்ளே தூளோடு ஒரு பாக்கெட் போட்டு வாங்கினேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே ஒரு படம். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, போட்டோஷாப்பில் Displace என்ற வடிகட்டிக்குக் கொடுத்தேன். நடுச் சாம்பல் நிறம் உள்ள இடத்தில் டிசைன் நகராது. அதைவிட வெளுத்த இடத்தில் ஒரு பக்கமும், கறுத்த இடத்தில் எதிர்ப்பக்கமும் நகரும். அதனால் எழுத்து சுருக்கத்தோடு சேர்ந்து வளையும். அச்சகத்திலிருந்து வாங்கிய பழைய டிசைனையும் என் புதியதையும் அதே பாக்கெட்டில், அதே அளவு கொடுத்து ஏற்றினேன். இப்போது இரண்டுக்கும் வித்தியாசம் லோகோ மட்டும்தான்.

அப்படிப் பார்த்ததும் என் புது லோகோவின் குறை பளிச்சென்று தெரிந்தது. லோகோவில் உள்ள குத்துவிளக்கை நான் மெல்லிய கோடுகளாகக் குறைத்திருந்தேன். பெரிதாகப் பார்க்க அழகு. ஆனால் இந்தப் பாக்கெட் கடையில் சரமாகத் தொங்குவது. படத்தைச் சிறிதாக்கி ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். இடது பக்கம் விளக்கு தெரிந்தது, வலது பக்கம் வெறும் சிவப்புத் திட்டு. எழுத்துக் கூட்டி வாசிக்காமல் ‘விளக்குப் பாக்கெட்’ என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு அந்த விளக்குதான் பெயர்.

2009 ஜனவரியில் அமெரிக்காவில் டிராபிகானா பழச்சாறு இதே பள்ளத்தில் விழுந்தது. ஸ்ட்ரா செருகிய ஆரஞ்சுப் பழத்தை அட்டையிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணாடி டம்ளரில் சாற்றைக் காட்டினார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது; பிப்ரவரியிலேயே பழைய அட்டை திரும்பி வரும் என்று அறிவித்தார்கள். நான் விளக்கைத் திரும்பவும் தடிமனாக்கி, சுடரை மட்டும் திருத்தினேன்.

அடுத்து வந்தது சிலிண்டர் கணக்கு. இந்த பிலிமை கிராவூர் முறையில் அச்சடிக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் செம்பு பூசிச் செதுக்கிய ஓர் உருளை. இந்தப் பாக்கெட்டுக்கு ஆறு: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, லோகோவுக்கென்று தனிச் சிவப்பு, கடைசியில் வெள்ளை. ஒரு நிறத்தில் ஒரு கோடு மாறினாலும் அந்த உருளை முழுவதையும் புதிதாகச் செதுக்கியாக வேண்டும். என் முதல் லோகோவில் சிவப்பு மெல்ல மெல்ல மெரூனாக இறங்கும். அந்த இறக்கத்துக்காக நீலம், மெஜந்தா உருளைகளிலும் கைவைக்க வேண்டியிருந்தது. அதை விட்டுவிட்டு ஒரே சிவப்பில் தட்டையாக வைத்தேன். பழைய லோகோவைச் சுற்றியிருந்த மஞ்சள் ஒளியையும் கறுப்பு விளிம்பையும் எடுக்க அந்த இரண்டு உருளைகள். ஆக மொத்தம் ஆறில் மூன்று. திரையில் இறக்கம் போனது எனக்கு வருத்தம்தான். அச்சில் அந்தத் தட்டைச் சிவப்புதான் தெளிவாக நின்றது.

விளக்கும் பெயரும் பதிவு செய்த வணிகச் சின்னம் என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, அடையாளம் பெரிதும் மாறாத திருத்தத்தைப் பதிவிலேயே செய்துகொள்ள விண்ணப்பிக்க விடுகிறது. அடையாளமே மாறிவிட்டால் புதுப் பதிவுக்குத்தான் போக வேண்டும். வக்கீல் மேசையிலும் இதே படத்தைத்தான் வைத்தார்கள்.

கையிருப்பில் இருந்த பழைய பிலிம் ரோல்களை வீணாக்கவில்லை, தீரும்வரை ஓட்டினார்கள். போன வாரம் அதே பூந்தமல்லிக் கடைக்குப் போனேன். ஒரே ஆணியில் இரண்டு சரம், இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. ஒரு பாட்டி வந்து, “விளக்குப் பாக்கெட் ஒண்ணு குடுப்பா” என்றார். கடைக்காரர் கைக்கு எட்டியதைக் கிழித்துக் கொடுத்தார். அது புதியது. பாட்டி அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போனார்.