மாதாமாதம் ஆடிட்டருக்கு என்னென்ன கொடுக்கணும்? ஒரு கடைக்காரரின் கடிதமும் அதற்கான காரணங்களும்

"சார், பர்சேஸ் பில் இன்னும் முழுசா வரல." "அனுப்பிட்டேனே, வாட்ஸ்அப்ல பாருங்க." கடை வைத்திருப்பவர்களுக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டுக் கடையின் கணக்கைப் பார்ப்பவர்களுக்கும் இந்த உரையாடல் பழகியிருக்கும். பெரும்பாலும் மாதத்தின் 18, 19ஆம் தேதிகளில் நடக்கும். 20ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டக் கடைசி நாள்.

இதைத் தவிர்க்க எளிய வழி, ஆடிட்டருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, எந்தக் கணக்கு எந்தத் தேதிக்குள் கைமாறும் என்று முடிவு செய்துகொள்வது. ஆவணங்களின் பட்டியல் எல்லா ஆடிட்டரிடமும் இருக்கும். அதோடு தேதியும் சேர்ந்தால்தான் பட்டியலால் பயன். ஏன் என்பதைப் பார்ப்பதற்கு முன், கடிதத்தைப் படித்துவிடுவோம்.

பெங்களூருவில் எலக்ட்ரிக்கல்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் எந்த மாநிலக் கடைக்கும் இது பொருந்தும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைகளுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வரி வரவு கிடையாது, கணக்கும் வேறு.

கடிதம்

மதிப்பிற்குரிய ஆடிட்டர் சார் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் எங்கள் கடையின் கணக்குகளைக் கீழ்க்கண்டபடி ஒப்படைக்கிறோம். விடுபட்டது ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.

5ஆம் தேதிக்குள், விற்பனை:

1. ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளர்களுக்குப் போட்ட பில்களின் பட்டியல். பில் எண், தேதி, அவர்களுடைய ஜிஎஸ்டி எண், எச்எஸ்என் குறியீடு, சரக்கின் மதிப்பு, வரி ஆகியவற்றுடன்.
2. கவுன்ட்டர் விற்பனை. நாள்வாரியாக, வரி விகிதவாரியாக மொத்தம்.
3. மாதத்தின் முதல் பில் எண், கடைசி பில் எண், ரத்தான பில் எண்கள்.
4. திரும்பி வந்த சரக்குக்குக் கொடுத்த கிரெடிட் நோட்டுகள்.
5. ரொக்கம், யுபிஐ, கார்டு என்று பிரித்த தினசரி வரவு.

8ஆம் தேதிக்குள், கொள்முதலும் செலவும்:

6. சப்ளையர்கள் கொடுத்த எல்லா பில்களின் நகலும், அவற்றின் எக்செல் பட்டியலும். சரக்கு கடைக்கு வந்து சேர்ந்த தேதியுடன்.
7. சப்ளையர்களிடமிருந்து வந்த கிரெடிட், டெபிட் நோட்டுகள்.
8. வாடகை, மின்கட்டணம், லாரி வாடகை, இன்டர்நெட் ரசீதுகள்.
9. உடைந்த, தொலைந்த, இலவசமாகக் கொடுத்த சரக்கின் பட்டியல்.
10. கடைக் கணக்கின் முழு மாத வங்கி அறிக்கை.

உங்களிடமிருந்து வேண்டுவது: 11ஆம் தேதிக்குள் GSTR-1 தாக்கல் செய்த ரசீது. 15ஆம் தேதி, GSTR-2B-யில் வராத பில்களின் பட்டியல். 18ஆம் தேதி, கட்ட வேண்டிய தொகை. 20ஆம் தேதி, தாக்கல் செய்த GSTR-3B நகல்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

விற்பனைக் கணக்கு மட்டும் ஏன் 5ஆம் தேதி?

ஒரு மாத விற்பனையை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் GSTR-1 படிவத்தில் காட்ட வேண்டும். அங்கே போடும் எண்கள்தான் பிறகு GSTR-3B-யின் விற்பனைப் பகுதிக்குத் தானாகப் போய்ச் சேரும். ஆக, இங்கே ஒரு பில் விட்டுப்போனால் அந்தத் தவறு அங்கேயும் தொடரும். சரிபார்க்க ஆடிட்டருக்கு நாலைந்து நாளாவது வேண்டும்.

மூன்றாவது வரியைப் பலரும் தேவையில்லாததாக நினைப்பார்கள். ஆனால் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டீர்கள், எத்தனை ரத்து என்று GSTR-1-லேயே ஒரு அட்டவணை கேட்கிறது. 401இல் தொடங்கி 655இல் முடிந்தால் மொத்தம் 255 பில். பட்டியலில் 251தான் இருக்கிறது, ரத்தானது 2 என்றால், இன்னும் 2 பில் எங்கே? இந்தக் கேள்வியை ஆடிட்டர் 6ஆம் தேதியே கேட்டுவிடலாம். அதிகாரி கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஐந்தாவது வரி யுபிஐக்காக. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை, யுபிஐ வரவை அடிப்படையாக வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகள் "யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்" என்று அறிவிப்பு ஒட்டின. ஒரு கியூஆர் கோடில் விழுகிற எல்லாப் பணமும் விற்பனை அல்ல. நண்பர் திருப்பிக் கொடுத்த கடன் இருக்கும், வீட்டிலிருந்து அனுப்பிய பணம் இருக்கும். எது எது என்று அந்தந்த மாதமே குறித்து வைத்தால் சொல்லிவிடலாம். நாலு வருஷம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கொள்முதல் மொத்தத்தைச் சொன்னால் போதாதா?

போதாது. நீங்கள் விற்கும்போது வசூலித்த வரியிலிருந்து, வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுகிறீர்கள். இந்தக் கழிவுக்குத்தான் உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். கடைக்காரர்கள் பேச்சில் ஐடிசி. பில் கையில் இருப்பதும் சரக்கு வந்து சேர்ந்ததும் இதற்கு அவசியம். 2022 ஜனவரி 1 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: சப்ளையர் அந்த பில்லைத் தன்னுடைய ரிட்டர்னில் காட்டி, அது உங்கள் GSTR-2B-யில் வந்திருக்க வேண்டும்.

GSTR-2B ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி உருவாகும். அதை உங்கள் பில்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால்தான் எது வரவில்லை என்று தெரியும். மொத்தத் தொகையை மட்டும் கொடுத்தால் குறைகிறது என்று தெரியும், யாரிடம் போன் போட்டுக் கேட்பது என்று தெரியாது.

ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஆகஸ்ட் மாதம். எல்லாச் சரக்குக்கும் 18% வரி என்று வைத்துக்கொள்வோம். விற்பனை ₹6,00,000. அதற்கு வரி ₹1,08,000. கொள்முதல் ₹5,00,000. அதற்குக் கொடுத்த வரி ₹90,000. கடைக்காரர் மனக்கணக்கில் கட்ட வேண்டியது ₹18,000.

செப்டம்பர் 14ஆம் தேதி GSTR-2B-யைத் திறந்தால் வரி வரவு ₹76,500தான் இருக்கிறது. அப்படியென்றால் 20ஆம் தேதி கட்ட வேண்டியது ₹31,500. நினைத்ததைவிட ₹13,500 அதிகம். அந்தப் பணத்தை ஏற்கெனவே சப்ளையரிடம் கொடுத்தாச்சு. இப்போது அரசுக்கும் கையிலிருந்து போடணும்.

பில் பட்டியல் இருப்பதால், விடுபட்டது எது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. ரெண்டு பில்.

முதலாவது, வயர் சப்ளையரின் ₹59,000 பில். அதில் வரி ₹9,000. விசாரித்தால், அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர். ஆண்டு விற்பனை ₹5 கோடி வரை உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை உண்டு. அவர்களும் விரும்பினால் காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை, அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் IFF என்ற வசதி மூலம் ஏற்றலாம். இவர் ஏற்றவில்லை. காலாண்டு ரிட்டர்னை அக்டோபர் 13ஆம் தேதிக்குள் போட்டால், மறுநாள் உருவாகும் GSTR-2B-யில் இந்த பில் வந்துவிடும். பணம் தொலையவில்லை, ஒரு மாதம் தள்ளிப்போகிறது.

இரண்டாவது, சுவிட்ச் சப்ளையரின் ₹29,500 பில். அதில் வரி ₹4,500. இவர் ரிட்டர்ன் போட்டிருக்கிறார், ஆனால் நம் ஜிஎஸ்டி எண்ணைச் சேர்க்காமல், பதிவில்லாத வாடிக்கையாளருக்கு விற்றதாகக் காட்டிவிட்டார். சும்மா காத்திருந்தால் இது தானாக வராது. அடுத்த GSTR-1-இல் அவர் திருத்தினால்தான் வரும். ஒரு நிதியாண்டின் பில்லுக்கு வரவு எடுக்க, அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரைதான் பொதுவாக நேரம். அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அந்தத் தேதியோடு முடிந்தது.

"பில் கையில இருக்கே, 90,000-ஐயே போட்டுடுங்க சார்" என்று ஆடிட்டரிடம் கேட்கத் தோன்றும். அந்தக் கட்டத்தில் எண்ணை மாற்றவும் முடியும். ஆனால் GSTR-2B-யைவிட எடுத்த வரவு குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால், DRC-01C என்ற அறிவிப்பு வரும். 7 நாளில் பணத்தைக் கட்டணும், இல்லையென்றால் விளக்கம் சொல்லணும்.

இதனால்தான் சில கடைக்காரர்கள் சப்ளையருக்குச் சரக்கின் விலையைக் கொடுத்துவிட்டு, வரித் தொகையை மட்டும் GSTR-2B-யில் பில் வந்தபின் கொடுக்கிறார்கள். இதற்கும் எல்லை உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் முழுத் தொகையையும் கொடுக்காவிட்டால், எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

எதிர்த்திசையிலும் பாருங்கள். நீங்கள் வாங்காத சரக்கின் பில் உங்கள் GSTR-2B-யில் இருக்கலாம், யாரோ ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாக அடித்திருப்பார்கள். பில் வந்து, சரக்கு இன்னும் லாரியில் இருக்கலாம். இரண்டுக்கும் இந்த மாதம் வரவு எடுக்கக் கூடாது. ஆறாவது வரியில் சரக்கு வந்த தேதி கேட்பது அதற்காகத்தான். ஒன்பதாவது வரியும் அப்படியே. உடைந்த, தொலைந்த, இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு வரவு கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்ப வேண்டும்.

வாடகை ரசீது ஜிஎஸ்டிக்கு எதற்கு?

2024 அக்டோபர் 10 முதல், கட்டட உரிமையாளருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாமல், கடைக்கு மட்டும் பதிவு இருந்தால், வாடகைக்கான 18% வரியைக் கடைக்காரரே கட்ட வேண்டும். வாடகை ₹30,000 என்றால் வரி ₹5,400. இதை வரி வரவிலிருந்து கழிக்க முடியாது, பணமாகத்தான் கட்டணும். கட்டியபின் அதே தொகையை வரவாக எடுத்துக்கொள்ளலாம். மேலே போட்ட கணக்கில் எளிமைக்காக இதைச் சேர்க்கவில்லை.

ஆடிட்டரிடம் ஏன் தேதி கேட்க வேண்டும்?

ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு ₹50 தாமதக் கட்டணம். கட்டாமல் விட்ட வரிக்கு ஆண்டுக்கு 18% வட்டி. தவறு யாருடையதாக இருந்தாலும் நோட்டீஸ் வருவது கடையின் பெயருக்கு. அதனால் ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் போன் எண்ணும் இமெயிலும் உங்களுடையதுதானா என்று ஒருமுறை பாருங்கள். ஆடிட்டரின் எண் இருந்தால், நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

கடிதத்தில் இருக்கும் 15ஆம் தேதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். GSTR-2B வந்த மறுநாள் அது. விடுபட்ட பில்களின் பட்டியல் அன்று கிடைத்தால், சப்ளையரிடம் பேசவும், கூடுதலாகக் கட்ட வேண்டிய ₹13,500-ஐப் புரட்டவும் ஐந்து நாள் இருக்கும்.