வெட்டுப்பட்ட பாதி முகம்

சென்ற மாதம் ஒரு பழைய குழுப் படத்தை வைத்து ஒரு நிமிட வீடியோ ஒன்று செய்தேன். 1950-களில் ஒரு சிறிய ஊரின் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் எடுத்த படம். மூன்று வரிசை, 23 பெண்கள். முன்வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக உட்கார்ந்திருப்பவர் பிற்பாடு தன் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு நூலகம் நடத்தியவர். அவரைப் பற்றித்தான் என் குறிப்பு. படம் அகலம், போன் திரை உயரம். அதனால் அவரைச் சுற்றி ஒரு செங்குத்துச் சட்டத்தை வெட்டி எடுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. "சார், வலது ஓரத்துல பாதி முகம் வெட்டுப்பட்டு நிக்கிறாங்களே, அது எங்க ஆச்சி. முழுப் படம் இருக்கா? எங்ககிட்ட அவங்க சின்ன வயசு போட்டோ ஒண்ணுகூட இல்ல."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஒரு கண், அரை மூக்கு, ஒரு காது. வெட்டும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அகலப் படத்திலிருந்து உயரச் சட்டம் வெட்டுவது போன் வந்த பிறகு முளைத்த வேலை என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. உலகத்தில் அதிகம் அச்சான முகங்களில் ஒன்றே இப்படி வெட்டி எடுத்ததுதான்.

1960 மார்ச் 4 அன்று ஹவானா துறைமுகத்தில் லா கூப்ர் என்ற சரக்குக் கப்பல் வெடித்தது. மறுநாள் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டம். ரெவொலூசியோன் பத்திரிகைக்காக அல்பெர்த்தோ கோர்தா படம் எடுத்துக்கொண்டிருந்தார். கையில் லைக்கா எம்2, அதில் 90 மில்லிமீட்டர் லென்ஸ். சே குவேரா மேடையின் முன்பக்கம் வந்து சில நொடிகள் நின்றுவிட்டுப் பின்னால் போய்விட்டார். அதற்குள் கோர்தாவுக்குக் கிடைத்தது இரண்டே பிரேம். ஒன்று கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது, மற்றது படுக்கைவாட்டில்.

நமக்கு வேண்டியது உயரப் படம் என்றால் நிமிர்த்தி எடுத்ததைத்தானே எடுத்துக்கொள்வோம்? கோர்தா அதை ஒதுக்கிவிட்டார். அதில் சேயின் தோளுக்கு மேலே வேறொருவரின் தலை எட்டிப் பார்த்தது. படுக்கைவாட்டுப் படத்தில் ஒரு ஓரம் ஒருவரின் பக்கவாட்டு முகம், மறு ஓரம் பனை ஓலை. நடுவில் சே தனியாக, பின்னால் வெறும் வானம். இரண்டு ஓரத்தையும் வெட்டினால் சுத்தமான உயரப் படம் கிடைத்துவிடுகிறது. இங்கே முடிவு செய்தது படத்தின் வடிவம் இல்லை. வெட்டுக்கோடு விழுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான். வெறும் வானத்தில் கோடு விழுந்தால் யாருக்கும் தெரியாது. முகத்தில் விழுந்தால் ஆச்சியைத் தேடிப் பேத்தி வருவாள்.

பத்திரிகை அந்தப் படத்தைப் போடவில்லை. வெட்டிய பிரதியைக் கோர்தா தன் ஸ்டுடியோ சுவரில் மாட்டி வைத்திருந்தார். 1967-இல் இத்தாலியப் பதிப்பாளர் பெல்ட்ரினெல்லி வந்து பிரதி வாங்கிப் போனார். அதே ஆண்டு அக்டோபரில் சே கொல்லப்பட்டதும் அது சுவரொட்டியாக உலகெங்கும் கிளம்பியது. மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 35 எம்எம் நெகட்டிவ் 36 மில்லிமீட்டர் அகலம், 24 உயரம். முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு மூன்றுக்கு நாலு என்று வெட்டினால் அகலம் 18, அதாவது சரிபாதி மிஞ்சும். இன்றைய போன் சட்டம் ஒன்பதுக்குப் பதினாறு. அதே 24 உயரத்துக்கு அகலம் 13.5 தான், எட்டில் மூன்று பங்கு. நாம் பார்த்துப் பழகிய சே படம் அவ்வளவு குறுகல் கிடையாது. கோர்தாவுக்குத் தோள்களுக்கு இடம் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.

வெட்டவே முடியாத படம் வந்தால் என்ன செய்வார்கள் என்பதற்கும் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. நேஷனல் ஜியோகிராஃபிக், 1982 பிப்ரவரி அட்டை. கோர்டன் கேஹன் எடுத்த கீஸா பிரமிடுகள், முன்னால் ஒட்டகங்களில் ஆட்கள். படம் அகலவாட்டு, அட்டை உயரவாட்டு. இரண்டு பிரமிடுகளும் வேண்டும், ஆனால் சட்டத்துக்குள் இரண்டும் அடங்கவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த கணினிக் கருவியில் ஏற்றி ஒரு பிரமிடை மற்றதை நோக்கி நகர்த்திவிட்டார்கள்! கேள்வி எழுந்தபோது ஆசிரியர் வில்பர் கேரட், புகைப்படக்காரர் சில அடி தள்ளி நின்றிருந்தால் எப்படித் தெரிந்திருக்குமோ அப்படித்தானே என்கிற மாதிரி சமாதானம் சொன்னார்.

அந்தச் சமாதானம் நிற்காது. கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் தூரத்துப் பிரமிடுகளைவிட அருகிலிருக்கும் ஒட்டகங்கள்தான் அதிகம் இடம்பெயர்ந்து தெரியும். ஒட்டகங்கள் அப்படியே இருக்க, பின்னாலிருக்கும் கல்மலை மட்டும் நகர்வது எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் நடக்காது. அது தவறுதான் என்று அந்தப் பத்திரிகையே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டது. இன்றைக்கும் அகலப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிச் சட்டத்துக்குள் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். சக்கரம் முட்டையாகியிருக்கிறதா, முகம் ஒடுங்கியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும், தெரிந்துவிடும்.

சரி, என் படத்துக்கு வருவோம். அட்டை தவிர்த்து 10 அங்குலம் அகலம், 6 அங்குலம் உயரம். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தது, ஆக 6000 x 3600 பிக்சல். முழு உயரத்துக்கு 9:16 சட்டம் போட்டால் அகலம் 2025. மூன்றில் ஒரு பங்குதான் தேறும். நூலகத்து அம்மாவின் முகம் இடது ஓரத்திலிருந்து 1125-இல். அவர் கொஞ்சம் வலப்பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் இடம் விட வேண்டும் என்று சட்டத்தை 225-இலிருந்து 2250 வரை வைத்தேன். முன்வரிசையில் மூன்றாமவருக்கும் நாலாமவருக்கும் நடுவில் கோடு அழகாக விழுந்தது. எனக்கு ஒரே திருப்தி.

கோளாறு அங்கேதான். குழுப் படத்தில் பின்னால் நிற்பவர்கள் முன்னால் இருப்பவர்களின் இடைவெளியில்தான் நிற்பார்கள், முகம் தெரிய வேண்டுமே. முன்வரிசையில் எட்டுப் பேர், நடுவரிசையில் அந்த எட்டுப் பேரின் ஏழு இடைவெளிகளில் ஏழு பேர், பின்வரிசையில் பெஞ்சின் மேல் மறுபடி எட்டு. ஆகவே முன்வரிசை இடைவெளியில் கோடு போட்டால் அது நடுவரிசையில் ஒருவர் முகத்தின் நட்டநடுவே போகும். 2250-இல் நின்றிருந்தவர் அந்த ஆச்சி.

தீர்வு சட்டத்தைச் சின்னதாக்குவதில் இருந்தது. முழு உயரம் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு 1080 x 1920 மட்டும் வெட்டிப் பார்த்தேன். அகலத்தில் 585 முதல் 1665 வரை. ஒரு முகம் சுமார் 250 பிக்சல். நடுவரிசையில் 750-இலும் 1500-இலும் நிற்பவர்கள் முழுதாக உள்ளே வந்தார்கள். முன்வரிசையின் இரு பக்கத்து முகங்களும் முழுதாக வெளியே போய்விட்டன. எந்த முகத்திலும் கோடு விழவில்லை.

மேல் கீழ் இன்னொரு பிரச்சினை. வீடியோவின் அடிப்பகுதியில் தலைப்பும் பெயரும், வலது ஓரத்தில் பொத்தான்களும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று வரிசை முகங்களும் வரும்படி மேலிருந்து 400-இல் ஆரம்பித்தால், நூலகத்து அம்மா முகம் எழுத்துக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. 900-இல் ஆரம்பித்தால் அவர் திரையின் நடுவுக்கு வந்துவிடுகிறார், ஆனால் பின்வரிசைக்காரருக்குத் தலை போய் வெறும் சேலை மட்டும் தெரிகிறது. இரண்டாவதையே எடுத்துக்கொண்டேன்.

```
ffmpeg -i kuzhu.jpg -vf "crop=1080:1920:585:900" amma.jpg
```

கடைசி நான்கு எண்கள் அகலம், உயரம், இடது தொடக்கம், மேல் தொடக்கம். இதற்கு மேல் நெருக்கமாக வெட்ட இந்த ஸ்கேன் தாங்காது. போன் திரைக்கு வேண்டிய 1080 x 1920 பிக்சல் மிகச் சரியாக இருக்கிறது, ஒன்றுகூட உபரி இல்லை. 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்திருந்தால் இதே பகுதியை இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டியிருக்கும், முகம் குழம்பிப்போகும். பழைய படம் கையில் கிடைத்தால் தேவைக்கு மேலேயே ஸ்கேன் செய்து வையுங்கள். திருப்பிக் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

ஆனால் இந்தச் சட்டத்தில் ஆச்சி அறவே இல்லை. பாதி முகத்தை முழுதாக நீக்கிவிட்டுச் சரிசெய்தேன் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அதனால் புது வீடியோவை முழுப் படத்திலிருந்து தொடங்கினேன். முழு அகலமும் தெரிய வைத்தால் திரையில் அது 1080 x 648, மூன்றில் ஒரு பங்கு உயரம்தான். முகங்கள் 45 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகின்றன, யாரையும் அடையாளம் காண முடியாது. இருந்தாலும் 23 பேர் இருந்தார்கள் என்பது தெரியும். இரண்டு விநாடி அது. பிறகு முழு உயரச் சட்டத்தை வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு மெதுவாக நகர்த்தினேன். 3975 பிக்சல் தூரம், பத்து விநாடி. அந்த வேகத்தில் படத்தின் நடுப்பகுதியில் இருக்கும் முகங்கள் ஏறக்குறைய ஐந்து விநாடி திரையில் இருக்கும், ஓரத்து முகங்கள் அதைவிடக் குறைவாக. முதலில் ஆறு விநாடியில் ஓட்டிப் பார்த்தேன், பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. நகர்வு முடிந்ததும் நூலகத்து அம்மாவின் நெருக்கமான சட்டம்.

முழு ஸ்கேனை அந்தப் பெண்ணுக்குத் தனியே அனுப்பினேன். அவர் அதைத் தன் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். பின்வரிசையில் இன்னும் இருவரை அந்த அம்மா அடையாளம் சொன்னாராம், ஆச்சியோடு விடுதி அறையில் இருந்தவர்களாம். இதுவரை எனக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரிந்திருந்தது. இப்போது நான்கு. வரிசை எண்ணோடு குறித்து வைத்திருக்கிறேன். ஆச்சி நடுவரிசை, இடமிருந்து மூன்றாவது.