முகமாற்றுக் காணொளி: நெடுக்கு வடிவ ஏற்றுமதி

முகம் மாற்றப்பட்ட காணொளித் துணுக்கை, நிமிர்த்திப் பிடித்த கைப்பேசித் திரைக்கேற்ப 9:16 விகிதத்தில் கோப்பாக வெளியெடுக்கும் இறுதிக்கட்டப் பணி. 1920×1080 அளவுள்ள கிடைப்படத்திலிருந்து சுமார் 608 பிக்சல் அகலப் பட்டை மட்டுமே கிடைக்கும். அதை 1080×1920 ஆக்கும்போது படம் ஏறத்தாழ 1.8 மடங்கு பெரிதாகி, மாற்றிய முகத்தின் விளிம்பில் உள்ள மங்கல் வெளிப்பட்டுவிடும். 4கே மூலத்தில் இச்சிக்கல் இல்லை. வெட்டும் பட்டை முகத்தின் நகர்வைப் பின்தொடர வேண்டும்.

பிரேம் வேகத்தை மூலத்தில் உள்ளபடியே விடுவது மிக முக்கியம். நொடிக்கு 25 பிரேமை 30 ஆக்கினால் ஐந்துக்கு ஒரு பிரேம் இரட்டித்து, உதட்டசைவு திக்கும்.

கோப்பின் அளவைப் பிட்வீதமும் நீளமும் தீர்மானிக்கின்றன: நொடிக்கு 8 மெகாபிட் வீதத்தில் 30 நொடித் துணுக்கு, ஒலி நீங்கலாக, சுமார் 30 மெகாபைட் வரும். வீதத்தை மிகக் குறைத்தால் கன்னத்திலும் தாடையோரத்திலும் சதுரக் கட்டங்கள் தெரியும்.