கடலோரக் கான்கிரீட்டில் எப்பாக்சிப் பூச்சுக் கம்பியும் துருவேறா எஃகுக் கம்பியும்

கான்கிரீட்டுக்குள் வைக்கப்படும் வலுவூட்டு கம்பி துருப்பிடிப்பதைத் தடுக்க உருவான மாற்றுக் கம்பிகளுள் எப்பாக்சிப் பூச்சுக் கம்பியும் துருவேறா எஃகுக் கம்பியும் பரவலாக அறியப்பட்டவை. முன்னது, வழக்கமான கார்பன் எஃகுக் கம்பியின் மேல் எப்பாக்சி என்னும் செயற்கைப் பிசினை உருக்கிப் படியவைத்தது. பின்னது, வீட்டில் எவர்சில்வர் என்று வழங்கும் பாத்திர உலோகத்தின் இனத்தைச் சேர்ந்த குரோமியக் கலவை எஃகால் முழுமையாக ஆனது. பூச்சுக் கம்பியின் விலை சாதாரணக் கம்பியின் விலையைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்க, துருவேறா எஃகின் விலை பல மடங்காக இருப்பதால், எதை எவ்விடத்தில் பயன்படுத்துவது என்பது ஐம்பது ஆண்டுகளாகப் பொறியாளர்களிடையே தீராத விவாதமாக உள்ளது.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை பொதுவாக 12.5 பிஎச் அளவுக்கு மேல் இருப்பதால், அதனுள் இருக்கும் எஃகின் மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, துருவேறாமல் காக்கிறது. கடல் உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல ஊடுருவிக் கம்பியை அடைந்து, ஓரளவுக்கு மேல் சேரும்போது அப்படலம் ஆங்காங்கே உடைகிறது. துரு, தான் உண்டான எஃகைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் சுற்றியுள்ள கான்கிரீட்டை நெரித்து, முதலில் கம்பியின் போக்கிலேயே விரிசலையும் பின்னர் பெயர்ந்து விழும் பத்தைகளையும் ஏற்படுத்துகிறது. கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்டின் கனம், கட்டடத் தளங்களில் கவர் என்று சொல்லப்படுவது, குறைவாக இருந்தாலோ கான்கிரீட் நெருக்கமில்லாமல் இருந்தாலோ இந்தக் காலம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்விரு கம்பிகளின் தேவை இடத்துக்கு இடம் மாறுகிறது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் கடலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்குள்ள கட்டடங்களின் கம்பிக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டின் காரத்தன்மையை மெல்லக் குறைப்பதால் வருவது. அதற்குப் போதிய கவரும் நெருக்கமான கான்கிரீட்டும் ஒழுங்கான நீராற்றலும் போதுமாதலால், விலை கூடிய கம்பியை அங்கே வாங்குவது பணத்தை மண்ணில் கொட்டுவதாகும். 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் நிலைமை வேறு. பெருவோதக் காலங்களில் நீர்மட்டம் ஏறத்தாழ நான்கு மீட்டர் ஏறி இறங்குவதால், தூண்களின் ஒரே பகுதி நாள்தோறும் நனைந்தும் உலர்ந்தும், உப்பையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் மாறிமாறி உள்வாங்குகிறது. ஆண்டு முழுவதும் மாறாத வெப்பம் துருவின் வேகத்தை மேலும் கூட்டுகிறது. எப்போதும் நீருக்கடியில் இருக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் கிட்டாததால் அங்கே அரிப்பு மெதுவாகவே நிகழ்கிறது. ஆகவே கம்பியைத் தேர்ந்தெடுப்பவர் கவனிக்க வேண்டியது, ஓதம் ஏறி இறங்கும் மட்டத்திலும் அதற்குச் சற்று மேலேயும் அலை தெறிக்கும் பட்டையை மட்டுமே.

எப்பாக்சிப் பூச்சுக் கம்பி கடலுக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்பைத் தூவியதால் பாலத் தளங்கள் விரைந்து சிதையத் தொடங்க, அந்நாட்டு நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ஆதரவில் 1970களின் தொடக்கத்தில் பூச்சுகள் ஆராயப்பட்டு, 1973இல் பென்சில்வேனியாவில் ஷூல்கில் ஆற்றுப் பாலத்தின் தளத்தில் இக்கம்பி முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. கம்பியை மணல் போன்ற உராய்பொருளைச் செலுத்தித் தூய்மையாக்கி, ஏறத்தாழ 230 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, மின்னூட்டம் பெற்ற எப்பாக்சிப் பொடியைத் தெளித்தால் அது சில நொடிகளில் உருகி இறுகிவிடும்; பின்னர் நீரில் குளிர்விப்பர். படலத்தின் கனம் பொதுவாக 175 முதல் 300 மைக்ரான் வரை இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளை 67.5 வோல்ட் மின்னழுத்தக் கருவியால் தேடி, மீட்டருக்கு மூன்றுக்கு மிகாதவாறு பார்ப்பது ஆலையின் வழக்கம். படலம் வழுவழுப்பானதாதலால் கான்கிரீட்டின் பிடிப்பு சற்றுக் குறைகிறது; அமெரிக்க விதிப்படி கம்பியின் நங்கூர நீளத்தை, அதாவது விசையைக் கான்கிரீட்டுக்கு மாற்றத் தேவையான புதைவு நீளத்தை, நிலைமைக்கேற்ப 1.2 அல்லது 1.5 மடங்காகக் கூட்டவேண்டும். விலைப் பட்டியலில் தெரியாத இந்தக் கூடுதல் எஃகும் செலவுதான்.

பூச்சின் வரலாற்றில் திருப்பத்தை ஏற்படுத்தியவை புளோரிடாவின் தீவுத் தொடரில் எழுந்த பாலங்கள். 1980 வாக்கில் கட்டப்பட்ட லாங் கீ பாலத்தின் அடிக்கட்டுமானத்தில், ஏறத்தாழ ஆறே ஆண்டுகளில், 1986இல் அரிப்பு கண்டறியப்பட்டது. செவன் மைல் உள்ளிட்ட அண்டைப் பாலங்களிலும் அதே நிலை காணப்பட்டது. அலை தெறிக்கும் பகுதியில் எடுத்த கம்பிகளில் பூச்சு உரிந்து, அதனடியில் அமிலத்தன்மை கொண்ட நீர் தேங்கியிருந்தது. ஈரம் நிறைந்த சூடான கான்கிரீட்டில் நீர் பூச்சை ஊடுருவி எஃகின் மேலிருந்து பிரித்ததும், கம்பியை வளைக்கும்போதும் ஏற்றி இறக்கும்போதும் விழுந்த கீறல்களில் அரிப்பு குவிந்ததும் காரணங்களாகக் கருதப்பட்டன. பெரும்பரப்பு காக்கப்பட்டிருக்க, சிறு கீறல் மட்டும் திறந்திருப்பின் அங்கேயே கம்பியின் குறுக்களவு குறையும் என்பதுதான் இப்பூச்சின் அடிப்படைப் பலவீனம். புளோரிடா பின்னர் இக்கம்பியைக் கைவிட்டது. பனி உப்பு தூவப்படும் வட மாநிலங்களின் பாலத் தளங்களிலோ அது தொடர்ந்து நன்றாகவே பணிபுரிகிறது. கிள்ளான் துறைமுகத்தின் வெப்பமும் ஈரமும் பென்சில்வேனியாவைவிடப் புளோரிடாவையே ஒத்தவை என்பதால் எந்தச் சான்றை எடுத்துக்கொள்வது என்பதில் ஐயமிருக்க வேண்டியதில்லை.

மலேசிய வெயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர் எப்பாக்சியைச் சிதைப்பதால், நீண்ட நாள் வெளியில் கிடக்கும் கம்பிகளை ஒளிபுகாத துணியால் மூடவேண்டும் என்பது தள வேலைக்கான அமெரிக்க விதி. சென்னை ஐஐடியில் 2020 வாக்கில் வெளிவந்த ஆய்வுகள், வெயிலில் வைத்த பூச்சில் விரிசல் கண்டு அரிப்பு முன்கூட்டியே தொடங்குவதைக் காட்டின. இரும்புச் சங்கிலிக்குப் பதில் நைலான் பட்டையால் தூக்குவது, பூச்சிட்ட கட்டுக்கம்பியால் கட்டுவது, ரப்பர் தலை வைத்த அதிர்வுக் கருவியால் கான்கிரீட்டை இறுக்குவது, வெட்டிய முனைகளுக்கு உடனே பூச்சிடுவது ஆகியவற்றைக் கடைப்பிடித்தால்தான் ஆலையில் வாங்கிய தரம் தளத்தில் நிலைக்கும். கம்பி கட்டும் ஆள் ஏறி மிதித்து வேலை செய்யும் ஒரு கம்பிக் கூடையில் இது எத்தனை நாள் கடைப்பிடிக்கப்படும் என்பது மேற்பார்வையாளரைப் பொறுத்தது.

துருவேறா எஃகுக் கம்பியின் வரலாறு பூச்சுக் கம்பியினதைவிடப் பழையது. மெக்சிகோவின் யுகட்டான் கரையில் புரோகிரெசோ நகரத்துக் கடல்துறை 1937 முதல் 1941 வரை கட்டப்பட்டபோது, 304 எனப்படும் வகைக் கம்பி அதில் பயன்படுத்தப்பட்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆய்ந்தபோது, கான்கிரீட்டில் குளோரைடு மிகுந்திருந்தும் குறிப்பிடத்தக்க அரிப்பு இல்லை. அதனருகே பின்னாளில் சாதாரணக் கம்பியால் எழுந்த துறையோ சிதைந்துபோயிற்று. குரோமியம் தானே மீளமைத்துக்கொள்ளும் படலத்தை உருவாக்குவதால், கீறினாலும் வெட்டினாலும் பாதுகாப்பு குலைவதில்லை. சாதாரணக் கம்பியைவிடப் பல மடங்கு குளோரைடைத் தாங்கும். ஆயினும் சாதாரண எஃகைத் தொட்ட வளைப்புக் கருவிகளில் இதையும் வளைத்தால் மேலே இரும்புத் துகள் படிந்து பழுப்புக் கறை காட்டும். அதற்காகத் தனிக் கருவியும் துருவேறா கட்டுக்கம்பியும் வைத்துக்கொள்வர்.

இந்தியாவில் பூச்சுக் கம்பிக்கு 1993இலும் துருவேறா எஃகுக் கம்பிக்கு 2017இலும் தரநிர்ணயங்கள் வந்தன. தமிழ்நாட்டில் துருவேறா எஃகுக் கம்பிக்கு முக்கிய எடுத்துக்காட்டு பாம்பன். உலகின் கடுமையான அரிப்புச் சூழல்களுள் ஒன்றாக எண்ணப்படும் அக்கடலில், 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் துருவேறா எஃகு வலுவூட்டலே பயன்பட்டதாக அரசு அறிவித்தது.

செலவை ஒரு கணக்கால் காணலாம். கிள்ளான் கரையில் 3 கோடி ரிங்கிட் மதிப்பில் கட்டும் ஒரு தளத்துறைக்கு 1,000 டன் கம்பி தேவை எனவும், சாதாரணக் கம்பி டன்னுக்கு 3,000 ரிங்கிட் எனவும், பூச்சுக் கம்பி அதைப்போல் 1.4 மடங்கு, துருவேறா எஃகு 5 மடங்கு எனவும் கொண்டால், அனைத்தையும் துருவேறா எஃகாக மாற்றக் கூடுதலாக 120 இலட்சம் ரிங்கிட், அதாவது திட்டச் செலவில் 40 விழுக்காடு ஆகும். எந்த வாரியமும் இதை ஏற்காது. ஆனால் அலை தெறிக்கும் பட்டையிலுள்ள பத்தில் ஒரு பங்கை, 100 டன்னை, மட்டும் மாற்றினால் கூடுதல் 12 இலட்சம், வெறும் 4 விழுக்காடு. முழுத் துறைக்கும் பூச்சுக் கம்பி இட்டாலும் கூடுதல் அதே 12 இலட்சம்தான். ஒரே தொகையில், எங்கும் பரவிய ஐயத்துக்குரிய பாதுகாப்பையோ அபாயமுள்ள இடத்தில் மட்டும் உறுதியான பாதுகாப்பையோ வாங்கலாம் என்பதே இங்கே எழும் தேர்வு. கான்கிரீட்டுக்குள் துருவேறா எஃகும் சாதாரண எஃகும் தொட்டுக்கொண்டால் கேடு விளையும் என்ற அச்சம் முன்பு இருந்தது. இரண்டும் படலம் காக்கப்பட்ட நிலையில் இருக்கும்வரை அவ்வச்சத்துக்கு அடிப்படையில்லை என்று தெளிந்தபின், தேர்ந்த இடத்தில் மட்டும் பயன்படுத்தும் முறையை 2002 வாக்கில் பிரிட்டிஷ் நெடுஞ்சாலைக் கையேடு ஏற்றது.

அந்த 12 இலட்சம் வீணா இலாபமா என்பது எதிர்காலப் பணத்தை இன்று எப்படி மதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சாதாரணக் கம்பியிட்டு 25ஆம் ஆண்டில் 40 இலட்சம் ரிங்கிட்டுக்குப் பழுது பார்க்க வேண்டியிருக்குமானால், ஆண்டுக்கு 5 விழுக்காடு தள்ளுபடி வீதத்தில் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 11.8 இலட்சம், அதாவது சரிசமம். 3 விழுக்காட்டில் அது 19 இலட்சமாக உயர்ந்து துருவேறா எஃகு வெல்கிறது. 8 விழுக்காட்டில் 6 இலட்சத்துக்குக் கீழே இறங்கி அது தோற்கிறது. வட்டிக்குக் கடன் வாங்கித் துறையை நடத்தும் தனியார் நிறுவனமும், நூறு ஆண்டுக்குப் பொறுப்பேற்கும் அரசும் ஒரே கணக்கில் வேறு விடை காண்பது இதனால்தான். பழுது பார்க்கும் மாதங்களில் கப்பல் கட்ட முடியாத இழப்பை இக்கணக்கில் சேர்த்தால் தராசு துருவேறா எஃகின் பக்கம் சாயும்.

துருவேறா எஃகின் விலை நிலையற்றிருப்பதற்கு நிக்கல் காரணம். 316 வகையில் 10 விழுக்காட்டுக்கும் மேல் நிக்கல் உண்டு; 2022 மார்ச்சில் லண்டன் சந்தையில் அதன் விலை டன்னுக்கு ஒரு இலட்சம் டாலரைத் தாண்டி வணிகமே நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 4 விழுக்காடு நிக்கலே கொண்ட 2304 போன்ற இரட்டைக் கட்டமைப்பு எஃகுகள், வலிமையிலும் கூடியவை என்பதால், இப்போது பொறியாளர்களின் கவனத்தைப் பெறுகின்றன.

கட்டி முடித்தபின் கண்காணிக்கும் முறையும் வேறுபடும். கான்கிரீட்டின் மேல் மின்முனையை வைத்து கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து அரிப்பைக் கணிக்கும் வழக்கமான சோதனை, பூச்சினால் ஒன்றோடொன்று மின்தொடர்பற்றுப்போன கம்பிகளில் நம்பத்தக்க விடை தருவதில்லை. அதனால் பூச்சுக் கம்பி இட்ட தூணில் சேதத்தை அறிய, அலை தெறிக்கும் மட்டத்தில் கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டி வெற்றொலி கேட்பதும், துளையிட்டு எடுத்த பொடியில் குளோரைடை ஆழவாரியாக அளப்பதும், ஐயமிருந்தால் ஓரிடத்தைத் திறந்து கத்தி நுனியால் பூச்சு எளிதில் உரிகிறதா என்று பார்ப்பதுமே வழி.