நூனாவைத் தமிழில் எப்படி அழைப்பது?

கொரிய மொழியில் மூத்த உடன்பிறப்பை அழைக்க நான்கு சொற்கள் உண்டு. பெண் தன் அண்ணனை ‘ஓப்பா’ என்பாள். ஆண் தன் அண்ணனை ‘ஹியோங்’ என்பான். பெண்ணுக்கு அக்கா ‘ஒன்னி’. ஆணுக்கு அக்கா ‘நூனா’. அழைக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பதோடு, அழைப்பவர் யார் என்பதும் அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். நமக்கு அண்ணன், அக்கா என்ற இரண்டே போதும். இளையவர் விஷயத்தில் நிலைமை தலைகீழ்: தம்பி, தங்கை என்று நாம் பிரிப்பதை அவர்கள் ‘தொங்செங்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள்.

நான்கை இரண்டாக மடக்குவது எளிய வேலை என்றுதான் முதலில் தோன்றும். ஒரு தொடரின் வசனத்தைத் தமிழ் டப்பிங்குக்காக எடுத்துவைத்துக்கொண்டு உட்காரும்போதுதான், சிக்கல் எண்ணிக்கையில் இல்லை என்பது புரியும்.

2018இல் ஜேடிபிசி தொலைக்காட்சியில் 16 பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதன் கொரியத் தலைப்பை அப்படியே சொன்னால், ‘நன்றாகச் சோறு வாங்கித் தரும் அழகான நூனா’. ஆங்கிலத்தில் அது மழையைப் பற்றிய தலைப்பாகிவிட்டது. நூனா காணாமல் போய்விட்டாள். நாயகி யூன் ஜினா. அவளுடைய நெருங்கிய தோழியின் தம்பி சோ ஜுன்ஹீ. அவன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறான். இருவருக்கும் காதல் பிறக்கிறது. ஜுன்ஹீ தன் சொந்த அக்காவை நூனா என்கிறான். ஜினாவின் சொந்தத் தம்பி சுங்ஹோ அவளை நூனா என்கிறான். ஜுன்ஹீ ஜினாவை அழைப்பதும் நூனா என்றுதான். ரத்த உறவு இரண்டு, காதல் ஒன்று. மூன்றுக்கும் சொல் ஒன்றே. அவர்கள் காதலை இரு வீட்டாரும் ஏற்கத் தடுமாறுவதன் வேர்களில் ஒன்று இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த வசனம் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போது முதல் சேதம் நேர்கிறது. ஆங்கில வசன வரிகளில் நூனா இருந்த இடத்தில் பெரும்பாலும் ஆளின் பெயரைப் போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்துத் தமிழில் எழுதுபவர், “ஜினா, எங்கே போற?” என்று எழுதிவிடுவார். மூத்தவளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பையன் கொரியாவில் மரியாதை தெரியாதவன். நம் ஊரிலும் அப்படித்தான். கண்டுபிடிப்பது கடினமில்லை: மூல ஒலியை ஓடவிட்டு, தமிழில் பெயர் வரும் இடத்தில் காதில் ‘நூனா’வோ ‘ஓப்பா’வோ விழுகிறதா என்று கேட்டாலே போதும். இதில் தமிழுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. கொரியர்கள் பெயரை முன்னும் உறவைப் பின்னும் வைத்து ‘ஜினா நூனா’ என்பார்கள். நாமும் அப்படியே ‘ஜினாக்கா’ என்கிறோம். தம்பிக்கு உரிய உரிமைப் பேச்சும் நமக்குத் தயாராக இருக்கிறது. கொரியத் தம்பி நூனாவிடம் பணிவு விகுதி சேர்க்காமல் பேசுவான். நம் தம்பியும் “சொல்லுக்கா”, “வாக்கா” என்பான். ‘அக்கா’ என்று எழுதிவிட்டு வினையை ‘சொல்லுங்கள்’ என்று முடிப்பவர்கள் அந்த நெருக்கத்தைக் கெடுக்கிறார்கள்.

ஆகவே சொந்தத் தம்பி சுங்ஹோவின் வாயில் ‘அக்கா’ கச்சிதமாகப் பொருந்தும். காதலிக்கும்வரை ஜுன்ஹீயின் வாயிலும் பொருந்தும். தோழியின் தம்பி நம் வீடுகளிலும் அப்படித்தான் அழைப்பான். அவன் அவளுடைய கையைப் பிடித்தபிறகு வரும் ‘அக்கா’தான் தமிழ்க் காதில் நெருடுகிறது.

இதற்குக் காரணம் நம் முறை. தமிழில் சித்தப்பா மகனும் பெரியம்மா மகனும் அண்ணன். மாமன் மகனும் அத்தை மகனும் அத்தான், மச்சான். யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்பதை அழைக்கும் சொல்லே சொல்லிவிடுகிறது. அதனால்தான் கல்லூரியில் ஒரு பெண் ஒருவனை ‘அண்ணா’ என்று கூப்பிட்டுவிட்டால் அவன் விலகிக்கொள்கிறான். கொரியாவில் அந்தப் பிரிவினை அழைப்பில் இல்லை. மாமன் மகனானாலும் சித்தப்பா மகனானாலும், வயதில் மூத்தவன் பெண்ணுக்கு ஓப்பாதான். மணம் கூடாது என்பதைத் தீர்மானிப்பது சொல் அல்ல, உறவின் தூரம். எட்டாம் நிலைக்குள் வரும் ரத்த உறவில் திருமணத்தை அந்நாட்டுக் குடிமைச் சட்டமே தடுக்கிறது. முறையைச் சொல்லும் சுமை இல்லாததால், ஓப்பாவும் நூனாவும் வயதையும் பரிவையும் மட்டும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வெளியே போக முடிகிறது. காதலன் ஓப்பா ஆகலாம், கணவனும் ஆகலாம்.

அப்படியானால் காதலனான ஓப்பாவை ‘அத்தான்’ என்றோ ‘மாமா’ என்றோ எழுதலாமே என்று கேட்பார்கள். நானும் எழுதிப் பார்த்திருக்கிறேன். இதழசைவுக்கு ‘மாமா’ ஓரளவு ஒத்துவரும். ‘ஓப்பா’வில் உதடுகள் ஒருமுறை மூடித் திறப்பதை ‘அண்ணா’வால் மறைக்க முடியாது, ‘மாமா’வால் முடியும். பொருளில்தான் அது பொய் சொல்கிறது. அத்தை மகனைக் கட்டிக்கொள்ள முடியாத நாட்டில் ஒரு முறைப்பெண் முளைத்துவிடுகிறாள். மணமானவர்கள் பேசும் காட்சியில் ‘என்னங்க’ கைகொடுக்கும், அதுவும் பெண் கணவனை அழைக்கும்போது மட்டும். ஆண் அழைக்கும் நூனாவுக்கு அந்த வழியும் இல்லை.

என் முடிவு தொடருக்குத் தொடர் மாறும். உடன்பிறப்புகளின் கதை என்றால் அண்ணா, அக்கா என்றே எழுதிவிடுவேன். அடியாட்கள் தலைவனை ‘ஹியோங்நிம்’ என்று அழைக்கும் படத்தில் ‘அண்ணே’வைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது. ஆனால் அதே ஹியோங்நிம்மை ஒரு மருமகள் தன் மூத்த ஓரகத்தியைப் பார்த்துச் சொன்னால் அது ‘அக்கா’. அகராதியை நம்பி அங்கே ‘அண்ணா’ என்று போட்டால் காட்சியே கவிழ்ந்துவிடும். ‘ஒன்னி’யின் ஒலியைக் கேட்டு ‘அண்ணி’ என்று எழுதுபவர்களும் உண்டு. இப்படி ஒற்றுமைகளை நம்பி 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. ஆனாலும் இந்த இடத்தில் ஒரு தற்செயல்: கொரியப் பெண் தன் அண்ணன் மனைவியை ‘செ ஒன்னி’, அதாவது புது அக்கா, என்று அழைக்கிறாள். அந்த ஒரு காட்சியில் மட்டும் ‘அண்ணி’ சரி.

ஜினாவின் கதைக்கு வருகிறேன். காதல் தொடங்கும் பகுதியில் ‘அக்கா’வை விட்டுவிட்டு ‘நூனா’வுக்குத் தாவினால், பார்ப்பவர் அது ஏதோ செல்லப்பெயர் என்று எண்ணுவார். தம்பிக்கு அக்கா, காதலனுக்கு நூனா என்று பிரித்தாலும் கதையின் முடிச்சு அவிழ்ந்துபோகும். மூன்று உறவுக்கும் ஒரே சொல் என்பதுதானே அங்கே தடை. எனவே முதல் காட்சியிலிருந்தே மூன்றுக்கும் ‘நூனா’ என்றே வைப்பேன். அதன் பொருளைத் தொடக்கத்தில் சொந்தத் தம்பியின் வாயாலேயே விளங்க வைக்கலாம். சுங்ஹோ வீட்டுக்குள் நுழைந்து, “நூனா, பசிக்குது. தம்பிக்குச் சோறு போட மாட்டியா?” என்று கேட்டால், நூனா யார் என்று தனியே விளக்க வேண்டியதில்லை. பிறகு ஜுன்ஹீ வந்து, “நூனா, சோறு வாங்கிக் குடு” என்பான். கொரியத்தில் ‘பாப்’ என்பது வெந்த சோற்றையும் குறிக்கும், ஒருவேளைச் சாப்பாட்டையும் குறிக்கும். நம் சோறு இரண்டையும் தாங்கும் என்பதால் அந்தச் சொல்லை மட்டும் தயங்காமல் தமிழாக்கிவிடலாம்.